எஸ்டிமேட்டும் ஆக்சுவலும் பொருந்துகிறது, குடோனில் மட்டும் பேப்பர் குறைகிறது

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் சின்ன ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிறோம். எட்டு மாதமாகக் கணக்குக்கு ERPNext சாஃப்ட்வேர் ஓடுகிறது. எஸ்டிமேட்டில் பேப்பர் வேஸ்டேஜ் 5 சதவீதம் போடுகிறோம். ஒவ்வொரு வேலையிலும் எஸ்டிமேட்டும் ஆக்சுவலும் அப்படியே பொருந்துகிறது, லாபமும் காட்டுகிறது. ஆனால் மாதக் கடைசியில் குடோனில் எண்ணினால் ரெண்டு மூணு ரீம் குறைகிறது. மெஷின்மேன் மேல் சந்தேகப்பட மனசு வரவில்லை. எங்கே தப்பு?

பதில்:

மெஷின்மேனை விட்டுவிடுங்கள் தம்பி. வில்லங்கம் அந்த "அப்படியே பொருந்துகிறது" என்ற இடத்தில்தான் இருக்கிறது. அச்சு வேலையில் எஸ்டிமேட்டும் ஆக்சுவலும் ஒரு தாள் கூட வித்தியாசமில்லாமல் பொருந்தவே பொருந்தாது. பொருந்தினால் ஆக்சுவலை யாரும் எண்ணவில்லை, எஸ்டிமேட்டையே சிஸ்டம் திருப்பிக் காட்டுகிறது என்று அர்த்தம்.

முதலில் `Manufacturing Settings` போய் `Backflush Raw Materials Based On` என்ற இடத்தைப் பாருங்கள். அநேகமாக அதில் `BOM` என்று இருக்கும். யாரும் தொடாமல் விட்டால் அப்படித்தான் இருக்கும். அதாவது வேலை முடிந்து `Manufacture` என்ட்ரி போடும்போது, மெஷினில் எவ்வளவு பேப்பர் போனது என்று சிஸ்டம் கேட்காது. BOM-ல், அதாவது வேலைக்கு எந்தப் பொருள் எவ்வளவு என்ற பட்டியலில், நீங்கள் எழுதிய அளவையே செலவாகக் கழித்துக்கொள்ளும். 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் எல்லா வேலையிலும் 5 சதவீதம்தான் செலவு. மிச்சம் கணக்கில் பத்திரமாக இருக்கும், குடோனில் இருக்காது. சந்தேகம் இருந்தால் முடிந்துபோன நாலைந்து வேலைகளின் `Manufacture` என்ட்ரியைத் திறந்து, பேப்பர் அளவை BOM-ஓடு ஒத்துப் பாருங்கள். ஒரு தாள் கூட மாறாது.

அதை `Material Transferred for Manufacture` என்று மாற்றுங்கள். ஆனால் மாற்றினால் மட்டும் தீராது. ஸ்டோர் பையன் திரையில் வரும் BOM அளவை அப்படியே ஓகே செய்து ட்ரான்ஸ்ஃபர் போட்டுவிட்டு, கையில் வேறு அளவு எடுத்துக் கொடுத்தால் பழைய கதைதான். ட்ரான்ஸ்ஃபரில் எண்ணிக் கொடுத்த தாள் வர வேண்டும். வேலை நடுவில் "இன்னும் நூறு தாள் கொடு" என்று கேட்டு வாங்கியதும் அதே வேலையின் பேரில் வர வேண்டும். மீந்ததைத் திருப்பி எடுத்ததும் வர வேண்டும். `Manufacture` என்ட்ரியை சப்மிட் செய்வதற்கு முன்னால் பேப்பர் வரியில் இருக்கும் அளவைக் கையால் திருத்த முடியும். ஜாப் கார்டில் எண்ணிய கூட்டுத்தொகையை அங்கே வையுங்கள்.

சரி, இது பேப்பர் எங்கே மறைகிறது என்பதற்கான பதில். ஏன் அவ்வளவு போகிறது என்பது வேறு கதை. அதற்கு அந்த 5 சதவீதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பள்ளி ஆண்டு மலர் என்று வைத்துக்கொள்வோம். டெம்மி 1/8, உள்ளே 64 பக்கம் கறுப்பு ஒரே கலர், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, கவர் நாலு கலர் ஆர்ட் கார்டு, சென்டர் பின், 1000 பிரதி. 23×36 தாளை இரண்டாக வெட்டினால் 18×23. அதன் ஒரு தாளில் முன்னும் பின்னுமாக 16 பக்கம், அதாவது ஒரு ஃபாரம். 64 பக்கத்துக்கு 4 ஃபாரம். ஆக 4000 தாள் 18×23, முழுத்தாளாக 2000, சரியாக 4 ரீம். 5 சதவீதம் என்றால் கூட 200 தாள். எஸ்டிமேட் இப்படித்தான் போயிருக்கும்.

இப்போது மெஷின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு ஃபாரத்தின் முதல் பக்க பிளேட்டை ஏற்றுகிறார்கள். இங்க் சமமாக வந்து, தண்ணீர் படிந்து, பக்கம் நேராக உட்காரும்வரை போகும் தாள் எல்லாம் கழிவு. முதல் இருபது முப்பதுக்குப் பழைய ரஃப் தாளைப் போடுவார்கள், அது கணக்கில் வேண்டாம். அதற்குப் பிறகு புதுத் தாள் முப்பதாவது போகும். பின்பக்கத்துக்கும் அதே. ஆக ஒரு ஃபாரத்துக்கு மேக்ரெடியில் 60 தாள். பிறகு ஓட்டத்தில் டபுள் சீட் இழுப்பது, கசங்குவது, செட்-ஆஃப் என்று 2 சதவீதம். மடிப்பிலும் பின்னிலும் கட்டிங்கிலும் இன்னொரு 2 சதவீதம். இந்த எண்கள் ஒரு சுமாரான சிங்கிள் கலர் மெஷினுக்கு நான் வைத்துக்கொள்பவை. உங்கள் மெஷினுக்கு உங்கள் ஜாப் கார்டுதான் சொல்ல வேண்டும்.

```
forms  = pages / 16
sheets = forms * (copies + makeready + copies * 0.04)
```

1000 பிரதிக்கு ஒரு ஃபாரத்தில் 60 + 40 = 100 தாள் கழிவு, நாலு ஃபாரத்துக்கு 400. நீங்கள் போட்டது 200. குறைவது 200 சின்னத் தாள், முழுத்தாளில் 100. மாதத்துக்கு இந்த மாதிரி பத்துப் பதினைந்து வேலை ஓடினால் 1000 முதல் 1500 முழுத்தாள். உங்கள் ரெண்டு மூணு ரீம் இதுதான். யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

அப்படியானால் 10 சதவீதம் போட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. இதே மலரை 5000 பிரதி அடித்தால் ஃபாரத்துக்குக் கழிவு 60 + 200 = 260, அதாவது 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 300 பிரதி என்றால் 60 + 12 = 72, அதாவது 24 சதவீதம். உங்கள் 5 சதவீதம் பொய் இல்லை, ஐயாயிரம் பிரதிக்கு அது உண்மை. யாரோ பெரிய ஓட்டம் ஓடுகிற பிரஸ்ஸிலிருந்து அந்த எண்ணை எடுத்து வந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் பாதி வேலை ஐநூறு, ஆயிரம்தானே. அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, ஃபாரத்துக்கு இத்தனை தாள் என்று ஒரு நிலையான எண்ணும், அதற்கு மேல் ஒரு சின்ன சதவீதமும் என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

கவர்தான் இன்னும் மோசம். 18×23 கார்டில் நாலு கவர் உட்காரும். 1000 கவருக்கு 250 தாள் போதும். 5 சதவீதம் என்றால் 13 தாள். நாலு கலர் ஒன்றோடொன்று உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் கட்டிடத்தின் நிறம் புரூஃபோடு ஒத்து வருவதற்கே 150 தாள் போகும். ஓட்டத்திலும் பைண்டிங்கிலும் இன்னொரு 20. ஆக 420 தாள் கொடுத்தால்தான் 1000 கவர் கைக்கு வரும். உங்களிடம் நாலு கலர் மெஷின் இல்லாமல் கவரை சிவகாசிக்கு அனுப்பினாலும், பேப்பர் உங்களுடையது என்றால் அந்தக் கழிவும் உங்கள் தலையில்தான்.

ரூபாயில் பார்ப்போம். கணக்குக்காக மேப்லித்தோ சின்னத் தாள் 1 ரூபாய் 50 காசு, 300 ஜிஎஸ்எம் கார்டு தாள் 7 ரூபாய் 20 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் பக்கத்தில் விட்டது 200 தாள், 300 ரூபாய். கவரில் விட்டது 157 தாள், சுமார் 1130 ரூபாய். மொத்தம் 1430. பேப்பர், பிளேட், அச்சு, பைண்டிங் எல்லாம் சேர்த்து இந்த வேலைக்குச் செலவு 19,500 என்று எஸ்டிமேட் வந்து, அதன் மேல் 10 சதவீதம் லாபம் வைத்திருந்தால் லாபம் 1950. அதில் முக்கால்வாசி குப்பைக்கூடைக்குப் போயிற்று. திரையில் மட்டும் 1950 அப்படியே நிற்கும்.

குப்பைக்கூடை என்றதும் ஒரு விஷயம். கழிவை எடை போட்டுப் பார்த்து "பத்து சதவீதம் வேஸ்ட்" என்று சொல்லும் ஆட்கள் உண்டு. டெம்மி 1/8 பக்கம் கட்டிங்குக்கு முன் 5.75×9, கட்டிங்குக்குப் பின் 5.5×8.5. ஒரு தாள் கூட கெடாவிட்டாலும் ஓரம் வெட்டியதிலேயே பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான எடை மூட்டைக்குள் போய்விடும். அந்தப் பேப்பர் விலை ஏற்கெனவே தாள் கணக்கில் அடங்கியிருக்கிறது. மூட்டையை எடை போட்டு மெஷின்மேனைத் திட்டாதீர்கள், தாளை எண்ணுங்கள்.

இனி ERPNext-ல் இதை எப்படி உட்கார வைப்பது என்று பார்ப்போம். BOM எல்லாவற்றையும் பிரதி எண்ணிக்கையோடு பெருக்கும், வகுக்கும். மேலே சொன்ன மலருக்கு 1000 பிரதிக்கு 4400 தாள் என்று BOM போட்டுவிட்டு, அடுத்த வருஷம் அதே BOM-ல் 300 பிரதிக்கு `Work Order` போட்டால் 1320 தாள் என்று காட்டும். உண்மையில் வேண்டியது 4 × 372, அதாவது 1488. 5000 பிரதிக்குப் போட்டால் 22,000 காட்டும், வேண்டியது 21,040. முதல் வேலையில் நஷ்டம். இரண்டாவதில் விலை கூடி ஆர்டர் பக்கத்துப் பிரஸ்ஸுக்குப் போகும். `Operation` நேரத்துக்கு `Fixed Time` என்று ஒரு டிக் இருக்கிறது. மேக்ரெடியைத் தனி ஆப்பரேஷனாக வைத்து அதைப் போட்டுவிட்டால் பிரதி கூடினாலும் நேரம் பெருகாது. நான் பயன்படுத்தும் பதிப்பில் பொருளுக்கு அப்படி ஒரு டிக் இல்லை. ஆகவே ஒரு வேலைக்கு ஒரு BOM, அதுவும் ஆர்டர் அளவுக்கே. மறு ஆர்டர் வந்தால் பழையதைக் காப்பி எடுத்து, தாள் எண்ணிக்கையை மேலே உள்ள கணக்கில் புதிதாகப் போடுங்கள். இரண்டு நிமிஷ வேலைதான்.

பேப்பரின் `Stock UOM` தாளாக இருக்கட்டும், கிலோவில் வைக்காதீர்கள். இதில் நான் ஒரு முறை நன்றாக மாட்டினேன். முன்பு கணக்கு பார்த்த ஒரு பிரஸ்ஸில் பில் கிலோவில் வருகிறது என்று கிலோவிலேயே வரவு வைத்து, சிஸ்டத்தை விட்டுத் தாளாக மாற்ற வைத்திருந்தோம். ஒரு ரீமின் எடைக்கு அங்குலக் கணக்கு இதுதான்:

```
ream_kg = L * W * GSM / 3100
```

23×36-ல் 70 ஜிஎஸ்எம் என்றால் 18.7 கிலோ. அந்த லாட்டில் வந்த பேப்பர் கொஞ்சம் கனமாக, 72 ஜிஎஸ்எம் அளவில் இருந்தது. அப்போது ரீம் 19.2 கிலோ. 100 கிலோவுக்குச் சிஸ்டம் 2674 தாள் என்று வரவு வைத்தது, கட்டில் இருந்தது 2600. 74 தாள் மெஷினைப் பார்க்காமலேயே காணாமல் போயிற்று. ஒரு மாதம் முழுக்க ஸ்டோர்காரரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம், பாவம். கட்டை எண்ணி ரீமில் வரவு வையுங்கள். பில் தொகையை ரீமால் வகுத்தால் விலை வந்துவிடும்.

ஜாப் கார்டுக்கு வருகிறேன். மலருக்கு "அச்சு" என்று ஒரே ஆப்பரேஷன் வைத்திருப்பீர்கள். அதை நாலு ஃபாரத்துக்கு நாலாகவும் கவருக்கு ஒன்றாகவும் பிரியுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி `Job Card` வரும். இது ஏன் என்றால், புத்தகத்தின் எண்ணிக்கை எந்த ஃபாரம் குறைவாக வந்ததோ அதன் எண்ணிக்கைதான். மூன்று ஃபாரம் 1015 தேறி, இரண்டாவது ஃபாரம் 980-ல் நின்றால் கையில் இருப்பது 980 புத்தகம்தான். மற்ற மூன்றிலும் மிஞ்சிய தலா 35 தாள்களும் வேஸ்ட். அந்த 20 பிரதிக்காக மறுபடி பிளேட்டை ஏற்றினால் இன்னொரு 60 தாளும் ஒரு மணி நேரமும் போகும். பைண்டிங் மேசையில் போய் இது தெரிந்தால் தலையில் கை வைக்க வேண்டியதுதான். ஃபாரம் இறங்கின உடனே கார்டில் தெரிந்தால், பிளேட் மெஷினில் இருக்கும்போதே நாற்பது தாள் கூட ஓட்டிவிடலாம்.

கார்டில் `Completed Qty` தவிர நாலு கட்டம் கூட வையுங்கள். `Customize Form` வழியாக ஐந்து நிமிஷத்தில் சேர்த்துவிடலாம். மூன்றாவது ஃபாரத்தின் கார்டு இப்படி இருக்கும்: வாங்கிய தாள் 1100, மேக்ரெடி முன்பக்கம் 35, பின்பக்கம் 32, ஓட்டத்தில் கெட்டது 18, பைண்டிங்குக்குக் கொடுத்தது 1015. கூட்டிப் பார்த்தால் 1100 வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கே கேட்க வேண்டும், மறுநாள் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மெஷின் கவுண்டரை அப்படியே எழுதச் சொல்லாதீர்கள். கெட்ட தாளும் அதில் எண்ணப்பட்டிருக்கும், ரஃப் தாளும் எண்ணப்பட்டிருக்கும். கவர் கார்டில் இன்னொரு சிக்கல் உண்டு. சிஸ்டம் பிரதியைக் கேட்கும், மெஷின்மேன் தாளை எழுதுவார். `Completed Qty`-ல் 250 என்று போட்டு, முக்கால்வாசி வேலை பாக்கி என்று சிஸ்டம் நிற்கும். தாள் எண்ணிக்கை உங்கள் கட்டத்தில், பிரதி எண்ணிக்கை `Completed Qty`-ல் என்று கார்டிலேயே தமிழில் எழுதி வையுங்கள். மெஷின்மேன் கையில் மவுஸ் வேண்டாம், இங்க் அப்பிவிடும். கார்டை அச்சடித்துக் கொடுத்துப் பேனாவால் நிரப்பச் சொல்லுங்கள். ஆபீஸில் ஏற்றிக்கொள்ளலாம்.

கெட்டதற்குக் காரணம் என்று ஒரு கட்டமும் வேண்டும், ஆனால் அதில் நாலைந்து காரணத்துக்கு மேல் வைத்தால் எல்லாரும் முதல் காரணத்தையே டிக் அடிப்பார்கள். பேப்பர், மெஷின், பிளேட், பைண்டிங், திருத்தம் என்று ஐந்து போதும். சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் கட்டைப் பிரித்துத் திறந்து போட்டால் ஓரம் அலை அலையாகும், டபுள் சீட் இழுக்கும். அப்போது "பேப்பர்" என்ற காரணம் எகிறும். அது எஸ்டிமேட்டைத் திருத்த வேண்டிய விஷயமே இல்லை, கட்டை மூடி வைக்க வேண்டிய விஷயம்.

"திருத்தம்" என்ற காரணத்தை மட்டும் தனியாக வையுங்கள். கோயில் கொடை நோட்டீஸ் அடித்திருப்பீர்கள். வரி கொடுத்த தலைக்கட்டுப் பேர் எல்லாம் வரிசையாக வரும். 2000 அடித்து முடித்தபின் ஒரு பேர் விட்டுப்போயிற்று என்று நாலு பேர் பைக்கில் வந்து நிற்பார்கள். மறுபடி 2000 அடித்தால்தான் ஊரில் நடமாட முடியும். நான் பார்த்த ஓர் இடத்தில் அந்த 2000-ஐயும் பேப்பர் வேஸ்டேஜில் சேர்த்தார்கள். சராசரி எகிறிற்று. அதைப் பார்த்து எல்லா எஸ்டிமேட்டுக்கும் 12 சதவீதம் என்று ஏற்றினார்கள், பெரிய ஓட்டம் எல்லாம் கையை விட்டுப் போயிற்று. மறு அச்சுக்கு அதே வேலை எண்ணின் கீழ் தனி `Work Order` போடுங்கள். புரூஃபில் கையெழுத்து யாருடையது என்று பார்த்து, பார்ட்டி தப்பு என்றால் பில், நம் தப்பு என்றால் நம் நஷ்டம். இரண்டும் மேக்ரெடி எண்ணைத் தொடக் கூடாது.

இன்றைக்கே எஸ்டிமேட் விலையை மாற்ற வேண்டாம். செட்டிங்கை மாற்றி, கார்டைப் பிரித்து, ஒரு இருபது முப்பது வேலை ஓடட்டும். மெஷின் வாரியாக, ஒரு கலர் தனி, நாலு கலர் தனி என்று மேக்ரெடித் தாளை வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரு மோசமான நாள் எல்லாவற்றையும் இழுத்துவிடும். அந்த எண்ணைத்தான் கணக்கில் 60-க்குப் பதிலாக வைக்க வேண்டும். பழைய எட்டு மாதக் குறைவை வேலைகளின் மேல் பிரித்துப் போட முயலாதீர்கள். எந்த வேலையில் எவ்வளவு என்று இனிமேல் யாருக்கும் தெரியாது. குடோனை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக எண்ணி `Stock Reconciliation` போட்டு, வித்தியாசத்தைத் தனிக் கணக்கில் ஒரே தொகையாக எழுதிவிட்டு, திங்கட்கிழமை முதல் ஃபாரத்தின் கார்டிலிருந்து ஆரம்பியுங்கள்.